பில்லைப் படிக்கும் மாடல் தரும் ஸ்கோரை எவ்வளவு நம்பலாம், எப்போது ஆளிடம் கொடுக்க வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊழியர்கள் பயணச் செலவு, மருத்துவச் செலவு பில்களைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். ஒரு மாடல் அந்தப் படத்தைப் பார்த்து மொத்தத் தொகையைப் படித்து, கூடவே அந்தத் தொகை சரி என்பதில் எவ்வளவு உறுதி என்று 0 முதல் 1 வரை ஒரு ஸ்கோரும் தருகிறது. இந்தப் பக்கம் முழுக்க அந்த ஒரு வேலையை வைத்தே பேசுகிறேன். கணக்கில் வரும் பில் எண்ணிக்கைகளும் ரூபாய்களும் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் இடத்தில் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

மாடல் 0.95 என்று சொன்னால் 95 சதவீதம் சரி என்றுதானே அர்த்தம்?

அப்படி இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை. இருக்கிறதா என்பது எண்ணிப் பார்க்கும் வரை தெரியாது.

0.95 ஸ்கோர் வாங்கிய 100 பில்களைத் தனியாக எடுத்து வைத்து ஒவ்வொன்றையும் கையால் சரிபார்க்கிறீர்கள். ஏறக்குறைய 95 பில்களில் தொகை சரியாக இருந்தால் அந்த ஸ்கோர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது. 84 தான் சரி என்றால், அது கடைக்காரர் முத்திரை போடாமல் ஓட்டுகிற தராசு மாதிரி. கூடக் குறைய எது கனம் என்று காட்டும், ஆனால் முள் நிற்கும் எண்ணை நம்பிக் காசு கொடுக்க முடியாது. பெரும்பாலான மாடல்களின் ஸ்கோரும் இப்படித்தான். 0.97 வாங்கிய பில் 0.80 வாங்கியதைவிடச் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம், அந்த வரிசையை நம்பலாம். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளத்தான் முடியாது.

இன்னொன்று: 95 சதவீதம் என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய பேச்சு. கையில் இருக்கும் ஒரு பில்லில் தொகை சரி அல்லது தப்பு, அவ்வளவுதான். வானிலைக்காரர் 70 சதவீதம் மழை என்று சொல்லி அன்று மழை பெய்யாவிட்டால் அவர் பொய் சொன்னார் என்று ஆகாது. அவர் 70 என்று சொன்ன நாட்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். இந்தச் சோதனையே வானிலைத் துறையில் வளர்ந்ததுதான். அமெரிக்க வானிலை நிலையத்தில் இருந்த கிளென் பிரையர் 1950-இல் எழுதிய அளவுகோலை இன்றும் மாடல்களுக்குப் பயன்படுத்துகிறோம்.

அப்படியென்றால் அந்த எண் எங்கிருந்துதான் வருகிறது?

மாடலைப் பொறுத்தது. நரம்பு வலையமைப்பு என்றால் கடைசி அடுக்கில் ஒவ்வொரு விடைக்கும் ஒரு எண் வரும், அவற்றைக் கூட்டினால் 1 வரும்படி மாற்றுவார்கள். கூட்டினால் 1 வருவதால் அது நிகழ்தகவு மாதிரித் தெரிகிறது. தெரிகிறது, அவ்வளவுதான். பயிற்சியின்போது சரியான விடைக்கு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எண்ணை ஏற்றச் சொல்லியே மாடலைப் பழக்குகிறோம். விடை சரியாகிவிட்ட பிறகும் அது எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். புதிய, பெரிய வலையமைப்புகள் பழையவற்றைவிடத் துல்லியமானவை, ஆனால் தேவைக்கு மேல் உறுதியாகப் பேசுகின்றன என்று 2017-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை காட்டிய பிறகுதான் பலரும் இதைக் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

எழுத்துப் படிப்பானில் இன்னொரு சிக்கல் உண்டு. தொகை 1250 என்றால் நான்கு இலக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கோர். நான்கும் 0.99 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தால் தொகைக்கு 0.99, பெருக்கினால் 0.96. ஆறு இலக்கத் தொகையில் இந்த இடைவெளி இன்னும் கூடும். எதை எடுத்து உங்களுக்குக் காட்டுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். டெசராக்ட் போன்ற எழுத்துப் படிக்கும் கருவியின் `conf` பத்தியில் வருவது 0 முதல் 100 வரையான எண். அதைச் சதவீதம் என்று படித்துவிடாதீர்கள்.

எங்கள் மாடலின் ஸ்கோர் நம்பத்தக்கதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆட்களை உட்காரவைத்து எண்ணுவதுதான் வழி, குறுக்கு வழி கிடையாது. மாடல் பயிற்சியில் பார்க்காத, சமீபத்தில் வந்த பில்களை எடுங்கள். எல்லா ஸ்கோரிலிருந்தும் எடுங்கள், குறைந்ததை மட்டும் பொறுக்காதீர்கள். மாடல் என்ன படித்தது என்று காட்டாமல் ஒருவரை உண்மைத் தொகையைத் தட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்கோர்வாரியாகக் கட்டுக் கட்டாகப் பிரித்து எண்ணுங்கள். 2000 பில்லுக்கு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

| ஸ்கோர் கட்டு | பில்கள் | சராசரி ஸ்கோர் | சரியாகப் படித்தவை | உண்மையில் சரி |
|---|---|---|---|---|
| 0.99-க்கு மேல் | 900 | 0.996 | 882 | 98% |
| 0.95 – 0.99 | 400 | 0.975 | 368 | 92% |
| 0.90 – 0.95 | 200 | 0.93 | 168 | 84% |
| 0.70 – 0.90 | 300 | 0.81 | 204 | 68% |
| 0.70-க்குக் கீழ் | 200 | 0.55 | 98 | 49% |

மூன்றாவது பத்தியையும் கடைசிப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாக் கட்டிலும் மாடல் சொன்னது கூடுதல், நடந்தது குறைவு. மொத்தத்தில் 2000-இல் 1720 சரி, அதாவது 86 சதவீதம். ஆனால் எல்லா ஸ்கோர்களின் சராசரி 91 சொச்சம்.

எனக்கு முதல் வரிதான் உறுத்துகிறது. 0.996 என்றால் 900-இல் 4 பில்தான் தப்பாக இருக்க வேண்டும். இருப்பதோ 18, அதாவது நாலரை மடங்கு. 98-க்கும் 99.6-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று சரிப் பக்கமாகவே பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். பணம் போவது தப்புப் பக்கத்தில். அதனால் மேல் கட்டை எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள்.

இதற்கு எத்தனை பில் கையால் பார்த்தால் போதும்?

மொத்தம் எத்தனை என்பதைவிட, நீங்கள் நம்பி விடப்போகும் மேல் கட்டில் எத்தனை என்பதுதான் கேள்வி. அங்கே 900 பார்த்து 18 தப்பு என்றால் உண்மை 2 சதவீதத்துக்கு ஒரு சதவீதம் அந்தப்பக்கம் இந்தப்பக்கம் இருக்கும். வெறும் 50 பார்த்து 1 தப்பு என்றாலும் அதே 2 சதவீதம்தான் வரும், ஆனால் உண்மை 10 சதவீதமாகக்கூட இருக்கலாம்.

300 பார்த்து ஒரு தப்புகூட இல்லை என்றால்? தப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 3-ஐ 300-ஆல் வகுங்கள்: தப்பு 1 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியுடன் சொல்லலாம். 3-ஐ எண்ணிக்கையால் வகுக்கும் இந்த விதி மனக்கணக்காகப் போட்டுப் பார்க்க வசதியானது.

காலிபிரேட் செய்வது என்றால் மாடலை மறுபடி பயிற்றுவிப்பதா?

இல்லை. மாடலைத் தொடவே வேண்டாம். அது தரும் ஸ்கோரை வாங்கி, உண்மைக்குப் பக்கத்தில் வரும் இன்னொரு எண்ணாக மாற்றுகிறோம். தராசுக்குள் கைவைக்காமல், முள் 1.05 காட்டினால் ஒரு கிலோ என்று படிப்பதற்கு ஒரு அட்டவணை எழுதி ஒட்டுவது போல.

எளிய முறை, வெப்பநிலை அளவீடு என்று அழைக்கப்படுவது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மொத்தத்தில் ஒரே ஒரு எண்தான் கண்டுபிடிக்கிறோம். ஸ்கோரை `log(p/(1-p))` ஆக விரித்து, `T` என்ற எண்ணால் வகுத்து, மறுபடி 0–1-க்குள் சுருக்குகிறோம். `T` ஒன்றுக்கு மேல் இருந்தால் மாடலின் வாய்ச்சவடால் அடங்கும். சரி, தப்பு என்று குறித்து வைத்த பில்களுக்கு எந்த `T` பொருந்துகிறது என்று கணினியே தேடித் தரும்:

```python
import numpy as np
from scipy.optimize import minimize_scalar

def find_T(p, y):          # p: ஸ்கோர், y: சரி 1, தப்பு 0
    p = np.clip(p, 1e-6, 1 - 1e-6)
    z = np.log(p / (1 - p))
    def loss(T):
        q = 1 / (1 + np.exp(-z / T))
        return -np.mean(y*np.log(q) + (1-y)*np.log(1-q))
    return minimize_scalar(loss, bounds=(0.5, 10),
                           method="bounded").x
```

மேலே உள்ள அட்டவணைக்கு `T` 1.5 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். 0.996 என்பது 0.975 ஆகிறது (உண்மை 0.98). 0.975 என்பது 0.92 (உண்மையும் 0.92). 0.93 என்பது 0.85 (உண்மை 0.84). அடுத்த இரண்டு கட்டுகளில் 0.72, 0.53 என்று வருகிறது. அங்கே உண்மை 0.68, 0.49. மேலே நன்றாகப் பொருந்தி, கீழே கொஞ்சம் இடிக்கிறது. எனக்குக் கவலை இல்லை, அந்தப் பில்கள் எப்படியும் ஆளிடம்தான் போகப்போகின்றன.

கீழேயும் பொருந்த வேண்டும் என்றால் படிக்கட்டு மாதிரி ஏறும் கோடு பொருத்தும் முறை உண்டு, `scikit-learn`-இல் `IsotonicRegression` என்ற பெயரில். அது வளைந்து கொடுக்கும், ஆனால் தரவு குறைவாக இருந்தால் தற்செயலாக விழுந்த மேடு பள்ளத்தையும் விதி என்று எடுத்துக்கொள்ளும். சில நூறு பில்தான் கையில் என்றால் ஒற்றை எண்ணோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எதைச் செய்தாலும் 2000-ஐ இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் `T`-ஐக் கண்டுபிடித்து, மறு பாதியில் சரிபாருங்கள். அதே பில்களில் பொருத்தி அதிலேயே சோதித்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

காலிபிரேட் செய்தால் துல்லியம் கூடுமா?

கூடாது. 86 சதவீதம் 86 ஆகவே இருக்கும். படித்த தொகை எதுவும் மாறவில்லை, எந்தப் பில் மேலே எந்தப் பில் கீழே என்ற வரிசையும் மாறவில்லை. எண்ணை வைத்துப் பணக்கணக்குப் போட முடியும் என்பதுதான் கிடைக்கும் லாபம்.

கட்-ஆஃப் 0.90 வைக்கலாமா, 0.95 வைக்கலாமா?

பொறியியல் சேர்க்கை கட்-ஆஃப் எத்தனை இடம் இருக்கிறது, எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்பதிலிருந்து தானாக விழுகிறது. யாரும் 190 என்பது பார்க்க அழகான எண் என்று வைப்பதில்லை. இங்கேயும் அப்படித்தான். இரண்டு செலவுகளை எழுதுங்கள். ஒரு பில்லை ஆள் பார்க்க ஆகும் செலவு, தப்பான தொகை வெளியே போனால் ஆகும் செலவு.

சம்பளத்தை நேரத்தால் வகுத்தால் ஒரு பில்லுக்கு 4 ரூபாய் என்று வைப்போம். தப்பாகப் போன பில்லைத் திரும்பப் பிடித்து, கணக்கைத் திருத்தி, ஊழியரோடு போனில் பேசி முடிக்கச் சராசரியாக 100 ரூபாய். ஆளும் எல்லாத் தப்பையும் பிடிப்பதில்லை, பத்தில் ஒன்பதைப் பிடிக்கிறார் என்று வைப்போம். பில் சரியாக இருக்கும் வாய்ப்பு `p` என்றால், ஆளிடம் கொடுத்தால் மிச்சமாவது `(1 - p) × 100 × 0.9`. இது 4 ரூபாயைத் தாண்டினால் கொடுக்க வேண்டும். கணக்கைத் தீர்த்தால் `p` சுமார் 0.956-க்குக் கீழே இருப்பவை எல்லாம் ஆளிடம். இப்படிச் செலவை வைத்து மறுப்பு எல்லை போடுவதை எழுத்து அடையாளம் காணும் துறையில் சி. கே. சோ 1957-லேயே எழுதிவிட்டார். நமக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

இந்த 0.956 காலிபிரேட் செய்த எண்ணுக்குப் பொருந்தும். அப்படிப் பார்த்தால் முதல் கட்டின் 900 பில் மட்டும் நேராகப் போகும், 1100 ஆளிடம் வரும். அதே 0.956-ஐ காலிபிரேட் செய்யாத, மாடலின் பச்சை ஸ்கோரில் வைத்தால் இரண்டாவது கட்டும் ஏறக்குறைய முழுதாகத் தாண்டிப்போய்விடும். இரண்டையும் போட்டுப் பார்ப்போம்.

காலிபிரேட் செய்தது: 18 தப்பு வெளியே போகிறது, 1800 ரூபாய். 1100 பில் பார்க்க 4400. ஆளிடம் வந்த 262 தப்பில் பத்தில் ஒன்று நழுவுவதால் இன்னொரு 2620. மொத்தம் 8820.

பச்சை ஸ்கோர்: வெளியே போகும் தப்பு 50, அதற்கு 5000. 700 பில் பார்க்க 2800. நழுவியது 2300. மொத்தம் 10,100.

ஆள்வேலை 400 பில் குறைந்ததே என்று பார்க்கிறவர்கள் இரண்டாவதைத்தான் பாராட்டுவார்கள். மாதாந்திரக் கூட்டத்தில் காட்டப்படுவதும் பெரும்பாலும் அந்த எண்தான்.

1100 பார்க்க ஆள் இல்லை, 600 தான் முடியும் என்றால் கட்-ஆஃபைக் குறைத்து மீதியை மறைக்காதீர்கள். எதிர்பார்க்கும் நஷ்டம் பெரிதாக இருக்கும் 600 பில்லை மேலிருந்து எடுங்கள், மீதியில் எவ்வளவு தப்பு போகிறது என்பதை எழுதி மேலே கொடுங்கள். இன்னொரு ஆள் வேண்டுமா என்று தீர்மானிக்க அவர்களுக்கு அந்த எண் வேண்டும்.

எல்லாப் பில்லுக்கும் ஒரே கட்-ஆஃப் தானா?

120 ரூபாய் ஓட்டல் பில்லும் 48,000 ரூபாய் ஆஸ்பத்திரி பில்லும் ஒன்றல்ல. 100 ரூபாய்ச் செலவு என்று மேலே வைத்த இடத்தில் தொகைக்கு ஏற்ற எண்ணை வையுங்கள். பெரிய பில்லுக்குக் கட்-ஆஃப் தானாக 0.99-க்கு மேல் ஏறிவிடும், அதாவது எல்லாம் ஆளிடம் போகும்.

இதில் ஒரு குழி இருக்கிறது. பெரிய பில்லா சின்னப் பில்லா என்று தீர்மானிக்க மாடல் படித்த தொகையையே எடுக்காதீர்கள். 48,000.00-இல் புள்ளி இடம் மாறி 480 என்று படித்திருந்தால் அது சின்னப் பில் வரிசையில் நின்று சத்தமில்லாமல் தாண்டிப்போகும். ஊழியர் விண்ணப்பத்தில் தன் கையால் எழுதிய தொகையை எடுங்கள்.

ஸ்கோர் உயர்ந்திருந்தாலும் ஆளிடம் கொடுக்க வேண்டியவை உண்டா?

உண்டு. ஸ்கோர் என்பது இதுவரை பார்த்த மாதிரியான பில்களுக்குள் நடக்கும் பேச்சு. பில்லே இல்லாத ஒரு படத்தைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு எண்ணைப் படித்து 0.98 போடக்கூடியது அது. தனக்குத் தெரியாது என்பது அதற்குத் தெரிவதில்லை.

அதனால் ஸ்கோருக்குச் சம்பந்தமில்லாத சோதனைகளைக் கூட வையுங்கள். பொருட்களின் தொகையும் ஜிஎஸ்டியும் கூட்டினால் மொத்தம் வருகிறதா? ஊழியர் எழுதிய தொகையோடு ஒத்துப்போகிறதா? படம் மங்கலா, பாதி வெட்டுப்பட்டதா? இதுவரை பார்க்காத கடையின் பில்லா? கூட்டல் இடித்தால் ஸ்கோர் 0.999 ஆனாலும் ஆளிடம் போகட்டும். என் அனுபவத்தில் கூட்டல் சோதனை ஒன்றே ஸ்கோரை வைத்து மல்லாடுவதைவிட அதிகத் தப்பைப் பிடிக்கிறது.

மொத்தமாகப் பார்த்தால் சரியாக இருக்கிறது, கையால் எழுதிய பில்லில் மட்டும் உதைக்கிறதே?

மொத்தக் கணக்கு இதை மறைக்கும். அச்சடித்த பில்லில் 0.95 என்றால் 98 சதவீதம் சரி, கையெழுத்து பில்லில் அதே 0.95-க்கு 80 தான் சரி என்று இருக்கலாம். அச்சு பில் ஆறு மடங்கு அதிகம் வந்தால் சராசரி 95-ஐ ஒட்டியே நிற்கும், படமும் அழகாக வரும். கையெழுத்தில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம் குழம்பும். தொகையின் கடைசியில் போடும் `/-` குறியை 1 என்று படிக்கிற மாடலையும் பார்த்திருக்கிறேன்.

வகைவாரியாகத் தனி அட்டவணை போடுங்கள், வகைக்கு ஒரு `T` வையுங்கள். கையெழுத்து பில் குறைவாக இருந்தால் கணக்கே வேண்டாம், கொஞ்ச நாள் எல்லாவற்றையும் ஆளே பார்க்கட்டும்.

மொழி மாடலிடமே "எவ்வளவு உறுதி" என்று கேட்டால் சொல்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாமா?

90, 95 என்று முழு எண்ணாகவே வருவதைக் கவனித்திருப்பீர்கள். பத்தில் எட்டு பில்லுக்கு 95 என்று சொன்னால் அதில் பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை. ஜிபிடி-4 வெளியான 2023-இல் அதன் தொழில்நுட்ப அறிக்கையிலேயே ஒரு படம் இருந்தது. அடிப்படைப் பயிற்சி முடிந்த மாடலின் நிகழ்தகவுகள் உண்மையோடு நன்றாக ஒத்துப்போயின, உரையாடலுக்குப் பழக்கிய பிறகு அந்தப் பொருத்தம் கெட்டுப்போனது.

அதே பில்லை ஐந்து முறை படிக்கச் சொல்லி எத்தனை முறை ஒரே தொகை வருகிறது என்று எண்ணுவது சொல்லிக்கேட்கும் எண்ணைவிடப் பரவாயில்லை. ஆனால் அதுவும் வெறும் ஸ்கோர்தான். ஐந்துக்கு ஐந்து வந்தால் எத்தனை சதவீதம் சரி என்று மேலே போட்ட அட்டவணையைப் போட்டே ஆக வேண்டும். ஐந்து முறையும் ஒரே தப்பைச் செய்யக்கூடியது அது.

பார்ப்பவருக்கு மாடல் படித்த தொகையைக் காட்டலாமா?

காட்டினால் வேலை வேகமாகும், தப்பும் கூடும். 3,850 என்று கட்டத்தில் நிரப்பி வைத்துப் பக்கத்தில் 0.94 என்றும் போட்டால், கண் பில்லில் 3,850-ஐத் தேடும், 8,350-ஐக் காணாது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் நானே அப்படி என்டரைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறேன். சந்தேகம் அதிகமுள்ள பில்களில் கட்டத்தைக் காலியாக வைத்துத் தட்டச் சொல்லுங்கள், மாடலின் எண்ணோடு ஒப்பிடுவதைக் கணினி செய்யட்டும். ஸ்கோரை எந்த நிலையிலும் காட்டாதீர்கள். விடை தெரிந்த தப்பு பில் சிலவற்றை நடுவில் கலந்துவிட்டால் ஆள் பத்தில் எத்தனை பிடிக்கிறார் என்பதும் தெரியும். மேலே நான் வைத்த 0.9 உங்களுக்கு எவ்வளவு என்று அப்படித்தான் தெரியவரும்.

ஒருமுறை செய்துவிட்டால் எத்தனை நாள் தாங்கும்?

நாள் கணக்கு கிடையாது, எதிரே வரும் பில் மாறாத வரை தாங்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் போட்டோ ஏற்றும் ஆப்பைப் புதுப்பித்தார்கள். டேட்டா மிச்சப்படட்டும் என்று படத்தைச் சுருக்கி அனுப்ப ஆரம்பித்தது. வெளுத்துப்போன தெர்மல் காகித பில்களில் 8 எல்லாம் 6 ஆகவும் 3 ஆகவும் ஆகிவிட்டன. ஸ்கோர் கொஞ்சமும் இறங்கவில்லை. ஆளிடம் வந்த பில்கள் எப்போதும் போலவே இருந்தன. தப்புகள் ஆளே பார்க்காத பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. ஊழியர் ஒருவர் பணம் குறைந்தது என்று சொல்லித்தான் தெரிந்தது. பணம் கூடுதலாகப் போனவர்கள் யாரும் சொல்லவில்லை.

அதனால் நேராகப் போகும் பில்களிலிருந்தும் வாராவாரம் குலுக்கல் முறையில் கொஞ்சம் எடுத்து ஆளிடம் கொடுங்கள். வாரம் 900 போகிறது என்றால் 50 போதும், 200 ரூபாய்ச் செலவு. 2 சதவீதம் தப்பு என்பது நம் கணக்கு, ஆக 50-இல் ஒன்று வரலாம். இரண்டு வந்தாலும் பதற வேண்டாம். நான்கு வந்தால் அது தற்செயலாக 50 வாரத்தில் ஒருமுறைதான் நடக்கும், உடனே என்ன மாறியது என்று தேடுங்கள்.

மறுபடி `T` போடும்போதும் இந்த 50 தான் கைகொடுக்கும். ஆள் திருத்தியவற்றை மட்டும் வைத்துப் போட்டால் எல்லாமே குறைந்த ஸ்கோர் பில்கள், மேல் கட்டைப் பற்றி அவற்றில் ஒன்றுமே இருக்காது. இரண்டையும் கலந்து போடுவதென்றால் குலுக்கலில் வந்த ஒவ்வொரு பில்லையும் 18 பில்லாக எண்ணுங்கள். 900-இல் 50 எடுத்ததால் ஒன்று பதினெட்டுக்குப் பதில் நிற்கிறது.